பங்கு மில்லின் பதினொரு பேர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆலைகள் நடத்திய அணிகள்தான் கால்பந்தை உழைக்கும் மக்களிடம் கொண்டுசேர்த்தன என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒப்பவில்லை. முதலாளி சும்மா பந்து வாங்கித் தருவானா? சங்கம், கூலி உயர்வு என்று வாய் திறக்காமலிருக்கப் போட்ட தீனிதானே அது? பிரேசிலில் என்ன நடந்தது என்று முடிந்தால் சொல்லுங்கள்.

ரா., திருப்பூர்

அன்புள்ள ரா.,

சும்மா தரவில்லை. ஆனால் தொழிலாளியை ஆட்டத்துக்குள் இழுத்தது முதலாளியின் தந்திரம் என்பதைவிட ஆள் பற்றாக்குறை என்பதுதான் சரி.

ரியோ டி ஜெனிரோ நகரின் மையத்திலிருந்து மேற்கே முப்பது கிலோமீட்டர் போல தள்ளியிருக்கிறது பங்கு என்ற ஊர். அங்கே 1890களில் ஒரு பெரிய பஞ்சாலை ஓடத் தொடங்கியது. இயந்திரங்கள் பிரிட்டனிலிருந்து வந்தன, அவற்றைத் தெரிந்த ஆட்களும் அங்கிருந்தே வந்தார்கள். கிளாஸ்கோ பக்கத்து பஸ்பி என்ற ஊரிலிருந்து 1894-இல் வந்த தாமஸ் டோனஹோ சாயத்தொழில் தெரிந்தவர், பந்துப் பைத்தியம். சில ஆண்டுகள் ஆலையை ஒட்டிய வெற்றிடத்தில் உதைத்துக்கொண்டிருந்தவர்கள் 1904 ஏப்ரலில் ஊரின் பெயரிலேயே முறையாக ஒரு கிளப் தொடங்கினார்கள்.

ரியோ நகருக்குள் இருந்த ஃப்ளுமினென்ஸ் போன்ற கிளப்புகளுக்கு வசதியான வீட்டுப் பிள்ளைகள் வேண்டிய மட்டும் கிடைத்தார்கள். பங்குவிலோ பிரிட்டிஷ்காரர்களை மட்டும் வைத்து இரண்டு அணி பிரித்து ஆட முடியாது. நகரத்திலிருந்து ஆள் வரவழைக்கவும் தூரம். எனவே தறியில் நிற்பவனைக் கூப்பிட்டார்கள். 1905-ஆம் ஆண்டு அணிப் புகைப்படத்தில் ஆங்கிலேயர், இத்தாலியர், போர்ச்சுக்கீசியர்களோடு பிரான்சிஸ்கோ கரேகல் என்ற கறுப்பின நெசவாளியும் இருக்கிறார். அன்றைய ரியோவில் ஒரு பெரிய கிளப்பின் படத்தில் அப்படியொருவரைப் பார்ப்பது அபூர்வம்.

அதற்கு விலை கேட்கப்பட்டது. 1907-இல் ரியோவின் லீக் கறுப்பினத்தவரை ஆட்டக்காரர்களாகப் பதிவு செய்யமாட்டோம் என்று முடிவெடுத்தது. பங்கு தன் ஆட்களை வெளியே நிறுத்தவில்லை, லீக்கை விட்டுத் தானே வெளியேறியது. இதைக் கொள்கைப் பிடிப்பு என்று மட்டும் நான் புகழமாட்டேன். அவர்களை நீக்கினால் பங்குவில் அணியே தேறாது.

இனி உங்கள் 'தீனி'க்கு வருகிறேன். முதலாளிக்கு லாபம் இருந்தது. ஆட்ட முடிவு பத்திரிகையில் வரும்போதெல்லாம் ஆலை இருக்கும் ஊரின் பெயரும் வந்தது. அதனால் நன்றாக ஆடும் நெசவாளிக்குத் தனிச் சலுகை உருவானது. பயிற்சி நாளில் சீக்கிரம் கிளம்பலாம். தறியிலிருந்து துணி அறைக்கு, அதாவது நெய்து முடித்த துணி வந்து சேரும் பகுதிக்கு, மாற்றுவார்கள். இரைச்சலும் பஞ்சுத்தூசும் அங்கே குறைவு, உடம்பு ஆட்டத்துக்கு மிஞ்சும். பதவி உயர்வும் மற்றவர்களைவிட வேகமாக வந்தது. சம்பளப் பட்டியலில் நெசவாளி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரன். பிரேசிலில் இந்த வகை ஆளுக்கே 'தொழிலாளி-ஆட்டக்காரர்' என்று பெயர் உண்டு.

இதில் நீங்கள் சந்தேகப்படுவது சரியான இடத்தில்தான். சலுகை மேனேஜர் கையில் இருந்தது, சட்டத்தில் இல்லை. ஃபார்ம் போனாலோ முழங்கால் போனாலோ மறுபடி தறிதான். பக்கத்துத் தறிக்காரன் இவனைப் பார்த்து எரிச்சல்பட்டிருக்கவும் நியாயம் உண்டு. ஆனால் தீனி போட்டு வாயை அடைப்பது ஒன்று, வேலைநேரத்தில் ஒரு பகுதியைப் பந்துக்காக விட்டுத்தருவது வேறு. ஏழைக்குக் கால்பந்தில் குறைந்தது திறமையல்ல, நேரம். அந்த நேரத்தைத்தான் ஆலை கொடுத்தது, பெரும்பாலும் தன் நலனுக்காகவே.

1924-இல் நடந்ததையும் பாருங்கள். முந்தைய ஆண்டு கறுப்பினத்தவரும் ஏழைகளும் நிறைந்த அணியோடு வாஸ்கோ ட காமா என்ற ரியோ கிளப் பட்டம் வென்றது. பெரிய கிளப்புகள் கடுப்பாகிப் புது லீக் தொடங்கி, ஆட்டக்காரனின் தொழில் என்ன, எழுதப்படிக்கத் தெரியுமா என்றெல்லாம் துருவின. வாஸ்கோ சேர வேண்டுமென்றால் பன்னிரண்டு பேரை நீக்கவேண்டும் என்றார்கள், வாஸ்கோ மறுத்துவிட்டது. அந்தப் புது லீக்கை நிறுவிய கிளப்புகளில் பங்குவும் ஒன்று! மில் வேலை அதன் ஆட்களுக்கு ஒரு அடையாளச் சீட்டு போல உதவியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆட்டத்துக்குக் கூலி வாங்கக்கூடாது என்றிருந்த நாளில், பந்துக்காகக் கூலி வாங்குகிறான் என்று நெசவாளியைக் குற்றம்சாட்டுவது கடினம், அவன் நிஜமாகவே நெய்தான்.

1933-இல் ரியோவில் ஆட்டக்காரர்களுக்கு வெளிப்படையாகச் சம்பளம் கொடுக்கும் முதல் தொழில்முறைப் போட்டித்தொடர் நடந்தது. இறுதியில் ஃப்ளுமினென்ஸை 4-0 என்று தோற்கடித்துக் கோப்பையை வாங்கியது பங்கு. ஆனால் அதே சம்பளம்தான் மில் அணியின் பிடியையும் தளர்த்தியது. பந்துக்கே காசு கிடைக்கும்போது துணி அறை வேலை யாருக்கு வேண்டும்? பங்குவில் பிறந்து பங்குவில் ஆடத் தொடங்கிய தற்காப்பு வீரர் டொமிங்கோஸ் ட கியா, முப்பதுகளில் உருகுவேயிலும் அர்ஜென்டினாவிலும் போய் ஆடினார்.