இன்டர்வியூவில் எதிர்காலத் திட்டத்தைக் கேட்டால் எவ்வளவு சொல்லலாம்?

கேள்வி: "இன்னும் சில வருஷத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?" என்று கேட்டால் என்ன சொல்வது? நான் அக்கவுண்ட்ஸில் வெண்டர் பில் பார்க்கும் வேலையில் இருக்கிறேன், அதே வேலைக்குத்தான் வேறு கம்பெனியில் விண்ணப்பித்திருக்கிறேன். ஆனால் பட்ஜெட், அனாலிசிஸ் பக்கம் போக ஆசை. சொன்னால் நிலைக்க மாட்டேன் என்பார்கள், சொல்லாவிட்டால் மழுப்புகிறேன் என்பார்கள்.

பதில்:

அக்கவுண்ட்ஸ் டீமுக்கு ஆள் எடுக்கும்போது மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இதே கேள்வியைக் கேட்கிறவன் நான். அதனால் கேட்பவர் மனதில் என்ன ஓடுகிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன். அது தெரிந்துவிட்டால் பதில் பாதி தயார்.

புதிதாக ஒருவர் வெண்டர் பில் வேலைக்குச் சேர்ந்தால் முதல் சில வாரங்கள் மென்பொருளைப் பழகுவதிலேயே போய்விடும். எந்தச் செலவுக்கு யார் ஒப்புதல், எந்த வெண்டர் பர்சேஸ் ஆர்டர் எண் போடாமல் பில் அனுப்புவார், எந்தத் துறை சரக்கு வந்த ரசீதைத் தாமதமாகத் தரும் என்பதெல்லாம் எங்கேயும் எழுதி வைத்திருக்காது. அவர் போட்ட என்ட்ரியை இன்னொருவர் திரும்பப் பார்க்கத் தேவையில்லை என்ற நிலை வருவதற்கே சில மாதங்கள் ஆகும். அப்புறம் வருஷ முடிவும் ஆடிட்டும் இருக்கின்றன. அதை ஒரு தடவையாவது முழுசாகப் பார்த்தவர்தான் அடுத்த தடவை கைகொடுப்பார். எட்டாவது மாதத்தில் அவர் கிளம்பிவிட்டால் வருஷ முடிவு மறுபடியும் ஒரு புது ஆளின் தலையில் விழும்.

ஆக, மேனேஜருக்கு இருக்கிற பயம் ரொம்பக் குறிப்பானது. இந்த ஆள் வருஷ முடிவைத் தாண்டி, முடிந்தால் இரண்டாவது வருஷ முடிவும் பார்த்துவிட்டுப் போவாரா என்பதுதான். ஆயுசு முழுக்க இங்கேயே இருப்பேன் என்ற சத்தியத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை, சொன்னாலும் நம்புவதில்லை. இன்னொரு சந்தேகமும் உண்டு. நீங்கள் ஆசைப்படுகிற வேலை இந்தக் கம்பெனியில் இருக்கிறதா? இல்லாத ஒன்றுக்கு ஆசைப்படுகிறவரை எடுத்தால் சலித்துப்போய்ப் போய்விடுவார் என்று அவர் கணக்குப் போடுவார்.

இதை வைத்துப் பார்த்தால், வழக்கமான பதில்கள் ஏன் எடுபடுவதில்லை என்பது புரியும். "கம்பெனியோடு சேர்ந்து வளர ஆசைப்படுகிறேன்" என்பதை எந்த வேலைக்கு வருகிற எவரும் சொல்லலாம். அதைக் கேட்டு நான் குறித்துக்கொள்ள ஒன்றுமே இருக்காது. "மேனேஜர் ஆக வேண்டும்" என்பது தெளிவான பதில்தான். ஆனால் ஆறு பேர் டீமில் மேனேஜர் நாற்காலி ஒன்றுதான், அதில் உட்கார்ந்திருப்பவர்தான் உங்களைக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார். "உங்கள் இடத்தில்" என்ற ஜோக்கை அவர் ஏற்கெனவே கேட்டிருப்பார், விட்டுவிடுங்கள்.

பதவிப் பெயரைச் சொல்லாமல், என்ன வேலை செய்துகொண்டிருப்பீர்கள் என்று சொல்லுங்கள். உங்கள் விஷயத்தில் இது நன்றாகவே பொருந்தும், ஏனென்றால் நீங்கள் போக நினைக்கிற பாதை இப்போதைய வேலையின் வழியாகத்தான் போகிறது. பட்ஜெட்டுக்கும் உண்மைச் செலவுக்கும் வித்தியாசம் வரும்போது, அந்த மாதம் பில் தாமதமாக வந்ததா, போன மாதச் செலவு இதில் சேர்ந்துவிட்டதா, தப்பான கணக்குத் தலைப்பில் ஏறிவிட்டதா என்று முதலில் சொல்லக்கூடியவர் வெண்டர் பில் பார்க்கிறவர்தான். மாத முடிவில் இன்னும் பில் வராத செலவுக்கு ப்ரொவிஷன் போடுகிறீர்கள் அல்லவா? எந்தச் செலவு எவ்வளவு வரும் என்று அப்போது நீங்கள் செய்கிற ஊகம், பட்ஜெட் வேலையின் சின்ன வடிவம். இந்தத் தொடர்பை நீங்கள் வாய்விட்டுச் சொல்லாவிட்டால், உங்கள் ஆசை இந்த வேலையிலிருந்து தப்பித்துப்போகிற ஆசையாகத் தெரியும். சொல்லிவிட்டால், இந்த வேலையை ஆழமாகச் செய்கிறவருக்கு இயல்பாக வருகிற ஆசையாகத் தெரியும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஏறக்குறைய இப்படிச் சொல்வேன்:

"முதல் வருஷத்தில், வெண்டர் பில்லும் மாத முடிவும் யாரும் திரும்பப் பார்க்கத் தேவையில்லாத அளவுக்கு என் பொறுப்பில் வந்துவிட வேண்டும். இங்கே ஒரு வருஷ முடிவையும் ஆடிட்டையும் முழுசாகச் செய்து முடித்த பிறகு, செலவு எங்கே ஏன் கூடுகிறது என்று பார்க்கிற பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் செய்ய ஆசை. இப்போதே பாக்கிப் பட்டியலை 30, 60, 90 நாள் என்று பிரித்து, எந்த பில் எந்த ஒப்புதலில் நிற்கிறது என்று மாதாமாதம் ஒரு தாள் போட்டுத் தருகிறேன். மூன்று நான்கு வருஷத்தில் துறைவாரியான செலவு அறிக்கையிலும் பட்ஜெட் தயாரிப்பிலும் எனக்கு ஒரு பங்கு இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இந்த வேலையில் சேர்ந்தவர்கள் இங்கே பொதுவாக எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறார்கள்?"

நிதானமாகப் பேசினால் ஏறக்குறைய ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். "ஒரு வருஷ முடிவை முழுசாக" என்ற இடம்தான் இதில் முக்கியம். விசுவாசம் என்ற சொல்லையே எடுக்காமல், அவர் பயப்படுகிற அந்தக் காலம் முழுக்க இருப்பேன் என்று சொல்லிவிட்டீர்கள். அடுத்து, இப்போதே செய்கிற ஒரு வேலையைக் காட்டியிருக்கிறீர்கள். இது இல்லாவிட்டால் மீதியெல்லாம் ஆசை என்ற அளவிலேயே நிற்கும். அந்த 30-60-90 நாள் தாளை நீங்கள் நிஜமாகவே போடுகிறீர்களா என்பது எனக்குத் தெரியாது. போடவில்லை என்றால் சொல்லாதீர்கள், "அதில் நீங்கள் கண்டுபிடித்த ஒரு விஷயம் சொல்லுங்கள்" என்று அடுத்த கேள்வி கட்டாயம் வரும். நீங்கள் நிஜமாகச் செய்கிற எதையாவது அங்கே வையுங்கள். திரும்பத் திரும்ப ஒரே வெண்டருக்கு வருகிற பில் வித்தியாசத்தைச் சரிசெய்த கதைகூடப் போதும்.

கடைசியில் இருக்கிற கேள்வி மரியாதைக்காகக் கேட்பது கிடையாது. அதற்கு வருகிற பதில் உங்களுக்குத் தேவை. "போன வருஷம் ஒருத்தர் பட்ஜெட் டீமுக்குப் போனார்" என்றால் வழி திறந்திருக்கிறது. "இங்கே எல்லோரும் எல்லாம் செய்வோம்" என்று பொதுவாகச் சொன்னால் பெரும்பாலும் வழி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இதை இன்டர்வியூ அறை வரைக்கும் தள்ளிப்போடாமல் முன்பே கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. தொழில்முறைத் தொடர்புத் தளங்களில் அந்தக் கம்பெனியில் இதே வேலையில் இருந்தவர்களைத் தேடி, அடுத்து அவர்கள் என்ன ஆனார்கள் என்று பாருங்கள். முதலில் போனில் பேசுகிற எச்ஆரிடம் டீமில் எத்தனை பேர், பட்ஜெட்டை யார் போடுகிறார்கள் என்று கேட்டால் தாராளமாகச் சொல்வார்கள். பட்ஜெட் வேலை முழுக்க வேறு ஊரில் இருக்கிற தலைமை அலுவலகத்தில் நடக்கிறது என்று தெரிந்தால், மேலே சொன்ன பதிலின் கடைசிப் பகுதியை மாற்றி, டீமுக்குள்ளேயே செய்யக்கூடிய செலவு அறிக்கையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி, சங்கடமான தொடர் கேள்விகள். "இரண்டு வருஷத்தில் அந்த வாய்ப்பு இங்கே வரவில்லை என்றால்?" என்று கேட்பார்கள். "அப்போதும் இருப்பேன்" என்று அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம். "முதலில் என் மேனேஜரிடம் பேசுவேன். தனிப் பதவி இல்லாவிட்டாலும் அறிக்கையில் ஒரு பகுதியை என்னிடம் தர முடியுமா என்று கேட்பேன்" என்று சொன்னால் உண்மையாகவும் இருக்கும், அவருக்கும் ஆறுதலாக இருக்கும். திடீரென்று ராஜினாமாக் கடிதத்தை நீட்டுகிறவர்தான் மேனேஜருக்குக் கெட்ட கனவு, முன்கூட்டிப் பேசுகிறவர் கிடையாது.

மேற்படிப்பு பற்றிக் கேட்டால்? வேலையோடு சேர்ந்து, மாலையிலோ தபால் வழியிலோ படிப்பதாக இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். தேர்வு வருஷ முடிவு வேலையோடு மோதாது என்பதையும் சேர்த்துச் சொன்னால், விஷயம் தெரிந்தவர் என்ற எண்ணம் வரும். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிக்கலாமா என்று மனதில் வெறும் யோசனையாக மட்டும் இருந்தால், நீங்களாக அதை எடுத்துப் போட வேண்டிய கட்டாயம் இல்லை. முடிவாகாத ஒன்றைச் சொல்லாமல் இருப்பது பொய் ஆகாது. ஆனால் ஆறு மாதத்தில் போவதற்கு இடம் கிடைத்து, பணமும் கட்டிவிட்டீர்கள் என்றால் கதை வேறு. அப்போது "நீண்ட காலம் இருப்பேன்" என்பது பச்சைப் பொய். அந்த நிலையில் குறுகிய கால ஒப்பந்த வேலையைத் தேடுவதுதான் நியாயம் என்பது என் கருத்து.

பதில் எடுபட்டதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். அவர் அடுத்து உங்கள் வேலையைப் பற்றிக் கேட்டால், அதாவது அந்தத் தாளில் என்ன இருக்கும், யாருக்கு அனுப்புவீர்கள் என்று போனால், நம்பிவிட்டார். அதே கேள்வியை வேறு உடையில் திரும்பக் கேட்டால், "அப்படியென்றால் இந்த வேலைக்கு ஏன் வந்தீர்கள்?" என்றால், உங்கள் பேச்சில் எதிர்காலம் அதிகமாகவும் இந்த வேலை குறைவாகவும் இருந்திருக்கிறது. உடனே சமாளிக்கலாம். "அந்தப் பக்கம் போக இதைச் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்" என்று தொடங்கி, ப்ரொவிஷன் உதாரணத்தைச் சொல்லுங்கள். வீட்டில் பழகும்போதே பேச்சைப் போனில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் நேரம் இந்த வேலையைப் பற்றி இருக்கிறதா என்று பார்த்தால் போதும், மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஒப்பந்த வேலைக்கு இந்தப் பதில் பொருந்தாது. ஒரு வருஷ ஒப்பந்தத்துக்கு ஆள் எடுக்கிறவரிடம் நான்கு வருஷக் கனவைச் சொன்னால், ஒப்பந்தத்தை நீங்கள் படிக்கவில்லை என்று நினைப்பார். அங்கே அந்த ஒரு வருஷத்தில் எதை முடித்துக் கொடுப்பீர்கள், கிளம்பும்போது அடுத்தவருக்கு எதை எழுதி வைத்துவிட்டுப் போவீர்கள் என்பதை மட்டும் பேசுங்கள்.