போன வருடம் பாட்டு கேட்கவில்லை, இந்த வருடம்?

"பள்ளி ஆண்டு விழாவை யூடியூபில் நேரலையாகக் காட்டுகிறோம். இரண்டு கேமரா, ஏடெம் மினி ஸ்விட்சர், ஓபிஎஸ் போட்ட லேப்டாப் இருக்கிறது. போன வருடம் பாதியில் நின்று நின்று ஓடியது. நடனத்தின்போது பாட்டே கேட்கவில்லை என்று பெற்றோர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். இந்த முறை எதைச் சரிசெய்ய வேண்டும்?"
– கணினி ஆசிரியர் ஒருவர்

கேமராவை விட்டுவிடுங்கள். படம் கொஞ்சம் மங்கினால் பாட்டி பொறுத்துக்கொள்வார், பேத்தியின் பாட்டு நின்றால் போனை எடுத்துவிடுவார். அதனால் ஒலியிலிருந்து தொடங்குவோம்.

உங்களுக்கு நடந்தது அநேகமாக இதுதான். மைக் செட்காரரின் மிக்ஸரில் ஆக்ஸ் என்ற வழியிலிருந்து உங்களுக்கு ஒயர் கொடுத்திருப்பார். மிக்ஸரில் ஒவ்வொரு சானலுக்கும் ஆக்ஸுக்கென்று தனித் திருகு உண்டு. தொகுப்பாளர் மைக்கின் திருகைத் திறந்திருப்பார், பாட்டு வரும் சானலின் திருகு பூஜ்யத்திலேயே இருந்திருக்கும். மைதானத்து ஸ்பீக்கர் இந்தத் திருகைப் பார்ப்பதில்லை, அதனால் அங்கே பாட்டு அமர்க்களமாக ஒலிக்கும். வீட்டில் பார்ப்பவருக்கு மட்டும் ஊமைப் படம். விழாவுக்கு ஒரு மணி நேரம் முன்பு மைக், பாட்டு, நாடக மைக் என்று ஒவ்வொன்றாக ஒலிக்கச் சொல்லி, லேப்டாப்பில் ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். ஓபிஎஸ்ஸில் மீட்டர் பச்சையாக ஆடுவதை மட்டும் நம்ப வேண்டாம். வெறும் இரைச்சலுக்கும் அது ஆடும்.

அந்த ஒயர் ஸ்விட்சரின் மைக் 1 துளைக்குப் போகட்டும். மிக்ஸரிலிருந்து வருவது மைக்கைவிட வலுவான லைன் அளவு என்பதால், ஏடெம் மென்பொருளில் அந்தத் துளையை லைன் என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் குரல் உடைந்து கரகரக்கும். ஒயரை மாட்டியதுமே 'ம்ம்ம்' என்று உறுமல் கேட்டால், மைக் செட்டும் உங்கள் லேப்டாப்பும் வேறு வேறு பிளக்கிலிருந்து கரன்ட் எடுக்கின்றன என்பது காரணமாக இருக்கலாம். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால் அதுதான். இடையில் ஒரு ஆடியோ ஐசொலேட்டர் மாட்டினால் போதும்.

அப்புறம் மாற்று ஒலி. பேட்டரியில் ஓடும் சின்ன ரெக்கார்டரை மேடை ஸ்பீக்கருக்கு மூன்று, நான்கு மீட்டர் தள்ளி ஸ்டாண்டில் நிறுத்தி, அதன் ஹெட்போன் துளையிலிருந்து மைக் 2-க்கு ஒயர் இழுங்கள். அளவைச் சரிபார்த்துவிட்டு, ரெக்கார்டரை ஓடவிட்டு, ஸ்விட்சரில் மைக் 2-ஐ மட்டும் அணைத்து வையுங்கள். இரண்டையும் சேர்த்து ஓட்டினால் எதிரொலி மாதிரி கேட்கும். மிக்ஸர் ஒயரை யாராவது காலால் இடறிவிட்டால் மைக் 2-ஐ ஆன் செய்தால் போதும். கேமராக்களின் ஒலி இரண்டையும் ஆஃப் செய்துவிடுங்கள். ஏஎஃப்வி என்ற நிலையில் விட்டால், கேமரா மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒலியும் மாறும்.

இனி இணையம். அப்லோடு வேகத்தைக் காலையில் அளந்தால் பயனில்லை. விழா நடக்கும் அதே நேரத்தில், மாலை ஆறு மணிக்கு, இரண்டு மூன்று நாள் அளந்து, அதில் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். 14, 9, 6 எம்பிபிஎஸ் என்று வந்தால் உங்கள் கணக்கு 6. அதில் பாதிக்கு மேல் போகாதீர்கள். ஓபிஎஸ்ஸில் 720p அளவில், வீடியோ பிட்ரேட் 2500 கேபிபிஎஸ், அதாவது 2.5 எம்பிபிஎஸ், ஆடியோ 128 கேபிபிஎஸ், கீஃப்ரேம் இடைவெளி 2 நொடி. 1080p ஆசை வேண்டாம். பெரும்பாலும் போனில்தான் பார்க்கப் போகிறார்கள்.

அலுவலக ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு லேன் கேபிள் இழுங்கள். நூறு மீட்டர் வரை தாங்கும். வைஃபை வேண்டாம். மாற்றாக வேறு நிறுவனத்தின் சிம் போட்ட போனை யூஎஸ்பியில் தயாராக வையுங்கள். ஆனால் அதையே முதல் வழியாக்காதீர்கள். ஐநூறு பெற்றோர் ஒரே டவரில் வீடியோ அனுப்பத் தொடங்கியதும் அது திணறும். ஓபிஎஸ்ஸில் Dropped Frames எண் ஏறிக்கொண்டே போனால், சிக்கல் கேமராவில் இல்லை, நெட்டில்தான். அப்போது அடுத்த வழிக்கு மாறுங்கள்.

ஒருமுறை எனக்கு நடந்தது: கரன்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறியது. ஸ்விட்சரும் லேப்டாப்பும் யூபிஎஸ்ஸில் இருந்தன, தப்பித்தோம் என்று நினைத்தேன். அலுவலகத்தில் பூட்டிய அறைக்குள் ரவுட்டர் அணைந்து மறுபடி எழ மூன்று நிமிடம் ஆனது, சாவி தாளாளரிடம். ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் தனியாக ஒரு சின்ன யூபிஎஸ் வையுங்கள், சாவியை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.

கேமரா விஷயத்தில் ஒன்றே ஒன்று. இரண்டையும் ஸ்விட்சருக்கு அருகிலேயே நிறுத்தினால் எச்டிஎம்ஐ கேபிள் குட்டையாக இருக்கும், படம் வெட்டாது. ஒன்று முழு மேடையைக் காட்டியபடி அசையாமல் இருக்கட்டும். இன்னொன்று முகங்களைத் தேடட்டும்.

சினிமாப் பாட்டுக்கு நடனம் இருந்தால், பதிப்புரிமை காரணமாக யூடியூபே நேரலையை நிறுத்தலாம். இதற்கு எந்தக் கேபிளும் உதவாது. ஓபிஎஸ்ஸில் Start Recording பொத்தானையும் சேர்த்து அழுத்திவிடுங்கள், பெற்றோருக்குப் பிறகு பென்டிரைவில் கொடுக்கலாம்.