முதல் வெற்றியைச் சொல்லுங்கள்

அன்புள்ள ஐயா,

நான் இங்கே சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சென்ற ஆண்டு இணையப் பந்தயத்தில் ஒரு பருவத்துக் கட்டணம், 4,100 வெள்ளி, போய்விட்டது. 100 வெள்ளி கட்டினால் இன்னொரு 100 போனஸ் என்று டெலிகிராமில் வந்த இணைப்பில்தான் தொடங்கியது. ஆகஸ்டில் புதிதாகச் சேரும் தமிழ் மாணவர்களிடம் பத்து நிமிடம் பேசச் சொல்கிறார்கள். தொகையை வெளிப்படையாகச் சொல்லலாமா? சிரிப்பார்களோ என்று கூச்சமாக இருக்கிறது. என் துரதிர்ஷ்டத்திலிருந்து அவர்கள் என்ன கற்றுக்கொள்ள முடியும்? அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

ம.

அன்புள்ள ம.,

சொல்லலாம். சிரிப்பவன் சிரித்துவிட்டுப் போகட்டும்.

எனக்குக் கோபம் வந்தது அந்தத் 'துரதிர்ஷ்டம்' என்ற சொல்லைப் பார்த்துத்தான். மேடையில் அதைச் சொல்லிவிடாதீர்கள் தம்பி. கேட்கும் பிள்ளை, 'இவருக்கு நேரம் சரியில்லை, எனக்கு அப்படி ஆகாது' என்று நினைத்துக்கொள்ளும். அதற்குப் பதில் அந்தப் போனஸைக் கரும்பலகையில் கணக்காகப் போட்டுக் காட்டுங்கள். போனஸோடு ஒரு நிபந்தனை வரும். கட்டிய பணம், போனஸ் இரண்டையும் சேர்த்து இத்தனை மடங்குக்குப் பந்தயம் வைத்த பிறகுதான் பணத்தை வெளியே எடுக்கலாம். டர்ன்ஓவர் என்பார்கள். இருபது மடங்கு என்று வைத்துக்கொள்வோம். 200 வெள்ளிக்கு 4,000 வெள்ளி பந்தயம். இரு பக்கமும் சமவாய்ப்புள்ள ஆட்டத்தில் ஒரு வெள்ளி வைத்து ஜெயித்தால் இரண்டு வெள்ளி திரும்ப வருவதுதான் நியாயம். அவர்கள் தருவது 1.90. அப்படியானால் நூறு வெள்ளி பந்தயத்துக்குச் சராசரியாக ஐந்து வெள்ளி அவர்களிடம் தங்கிவிடுகிறது. 4,000 வெள்ளிக்கு 200. உங்கள் நூறும் போனஸ் நூறும் சேர்ந்து சரியாகத் தீர்ந்துவிட்டது.

இத்தனைக்கும் நீங்கள் ஏறக்குறைய பாதி ஆட்டங்களில் ஜெயித்திருப்பீர்கள். அதனால்தான் தோற்றுக்கொண்டிருப்பது தெரியவில்லை. ஒன்றிரண்டு பேர் சராசரியை மீறி லாபத்தோடு வருவதும் உண்டு. அவர்கள் அடுத்த போனஸை எடுத்துக்கொள்வார்கள்.

1998 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது என் அண்ணன் தேசிய சேவையில் இருந்தான். அப்போது இணைப்பு கிணைப்பு எதுவும் இல்லை. எங்கள் புளோக்கின் கீழே காப்பிக் கடையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். பந்தயம் கடனில்தான், திங்கட்கிழமை கணக்குத் தீர்ப்பார். முதல் வாரம் அண்ணன் 300 வெள்ளி ஜெயித்தான். அந்த மனிதர் ஐம்பது வெள்ளித் தாள்கள் ஆறை எண்ணி அவன் கையில் வைத்ததை நானே பார்த்தேன். அன்று மாலை சிராங்கூன் சாலைக்குப் போய் அம்மாவுக்கு ஒரு மாம்பழ நிறப் புடவை வாங்கி வந்தான். வீடே சிரித்தது. ஜெயித்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அடுத்த நான்கு வாரங்கள் தோற்றது யாருக்கும் தெரியாது. அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனதுகூட, தீபாவளிக்கு அவர் அலமாரியைத் திறந்தபோதுதான் தெரிந்தது. அந்தப் புடவையை அம்மா அதன்பின் உடுத்தவே இல்லை.

அதனால், பேச்சை 4,100-இல் தொடங்காதீர்கள். முதன்முதலாகப் பணம் உங்கள் கணக்குக்கு வந்த அந்த நாளில் தொடங்குங்கள். எவ்வளவு வந்தது, யாரிடம் காட்டினீர்கள், அதில் என்ன சாப்பிட்டீர்கள். அந்தப் பிள்ளைகள் சந்திக்கப்போவது அந்த நாளைத்தான்.

சட்டம் பற்றியும் கொஞ்சம் சொல்லுங்கள். இங்கே இணையத்தில் விளையாட்டுப் பந்தயம் நடத்த உரிமம் பெற்றது சிங்கப்பூர் பூல்ஸ் மட்டும்தான். அதில் இணையக் கணக்கு திறக்க 21 வயது ஆக வேண்டும். ஆகவே 19 வயதுப் பிள்ளையை டெலிகிராமில் தேடி வரும் இணைப்பு உரிமமில்லாதது. 2022-இல் வந்த சட்டப்படி அதில் பந்தயம் வைப்பவருக்கே 10,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஜெயித்த பணத்தைத் தராமல் இழுத்தடித்தாலும் மாணவர் போலீசுக்குப் போகத் தயங்குவார். அது இணைப்பை அனுப்பும் ஏஜெண்டுக்கு நன்றாகத் தெரியும். ஒன்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். பேநவ்வில் பணம் அனுப்பும்போது ஒவ்வொரு முறையும் முன்பின் தெரியாத வேறு வேறு ஆட்களின் பெயர் வந்ததா? வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். பந்தயம் நடத்துகிறவர் தன் பெயரில் பணம் வாங்க மாட்டார்.

கடைசியில் ஒன்று. அத்தனை மாணவர்களிடம் சொல்லத் துணிந்துவிட்டு அம்மாவிடம் சொல்லாமல் இருக்கிறீர்களே, இது என்ன நியாயம்? யாராவது கைப்பேசியில் படம்பிடித்து, அது சுற்றிச் சுற்றி உங்கள் அம்மாவின் வாட்ஸ்அப்புக்கே வந்து சேரும். அதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் பிரச்சினைமிகு சூதாட்டத்துக்கான தேசிய மன்றத்தின் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், 1800-6-668-668. அங்கே முதலில் பேசிப் பார்த்துவிட்டு, அப்புறம் வீட்டுக்குப் போங்கள். அம்மா திட்டுவார், அழுவார். இருந்து கேட்டுக்கொள்ளுங்கள்.