காலண்டர் பருவத்தில் ஓவர்டைமா, தற்காலிக ஆட்களா? – கேள்வி பதில்

பதில் சொல்பவர் சிவகாசியில் காலண்டர், டைரி பைண்டிங் பிரிவுகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உற்பத்தித் திட்டமிடலைக் கவனித்து வந்தவர்.

கேள்வி: எங்கள் பைண்டிங் பிரிவில் நிரந்தரப் பணியாளர்கள் 40 பேர். நாள் கூலி 520 ரூபாய், எட்டு மணி நேரம். ஆடிப்பெருக்கில் புத்தாண்டுக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியிட்ட பிறகு ஆர்டர் குவிகிறது. செப்டம்பர் முதல் பத்து வாரங்களுக்கு வாரம் 380 மணி நேர உழைப்பு கூடுதலாகத் தேவைப்படுகிறது. இருப்பவர்களுக்கு ஓவர்டைம் கொடுப்பதா, பத்துப் பேரைப் புதிதாக எடுப்பதா?

பதில்: மணிக்கூலியை மட்டும் பார்த்தால் புதியவர்தான் மலிவு என்று தோன்றும். ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி என்பதால் ஒரு மணி நேரம் 130 ரூபாய் ஆகிறது. புதியவருக்கு 65 ரூபாய் கூலியோடு பி.எஃப், இ.எஸ்.ஐ, போனஸ், ஒப்பந்ததாரர் கமிஷன் ஆகியவற்றைச் சேர்த்தால் என் கணக்கில் ஏறத்தாழ 86 ரூபாய் வருகிறது. ஆனால் இந்த இரண்டு தொகைகளும் கொடுத்த மணி நேரத்துக்கானவை; கைக்குக் கிடைத்த வேலைக்கானவை அல்ல.

ஒன்பதாவது, பத்தாவது மணி நேரத்தில் கை தளர்கிறது. வழக்கமான வேலையில் 85 சதவீதம் கிடைக்கிறது என்று கொண்டால் 130 ரூபாய் 153 ரூபாயாகிறது. புதியவர் முதல் வாரத்தில் பழகியவரின் வேலையில் 40 சதவீதமும், இரண்டாம் வாரத்தில் 60 சதவீதமும், மூன்றாம் வாரத்தில் 75 சதவீதமும், அதற்குப் பிறகு 90 சதவீதமும் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களோடு வரும் வேறு செலவுகளும் உண்டு: வேன் வாடகை நாளொன்றுக்கு 1,200 ரூபாய், கூடுதலாகச் சரிபார்ப்பவர் ஒருவருக்கு 650 ரூபாய், சொல்லிக்கொடுப்பதற்காக முதல் இரண்டு வாரங்களுக்குத் தம் வேலையை விட்டுவிடும் இரண்டு பழைய கைகள். எல்லாவற்றையும் சேர்த்தால், பத்து வாரங்களுக்குப் புதியவர்களால் கிடைக்கும் வேலையின் அடக்கம் மணிக்கு 147 ரூபாய். ஓவர்டைமோடு ஒப்பிட்டால் வித்தியாசம் ஆறு ரூபாய்தான். உங்கள் சதவீதங்கள் வேறாக இருக்கலாம். கடந்த ஆண்டின் மேசைக் குறிப்பேட்டிலிருந்து அவற்றை எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

இதே கணக்கை வாரம் வாரமாகப் போட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். நான்கு வாரங்களுக்கு மட்டும் ஆள் எடுத்தால் மணிக்கு 208 ரூபாயும், ஆறு வாரங்களுக்கு 170 ரூபாயும், எட்டு வாரங்களுக்கு 155 ரூபாயும் ஆகின்றன. ஒன்பதாவது வாரத்தில்தான் ஓவர்டைமைவிடக் கீழே இறங்குகிறது. ஆகவே உங்கள் நெருக்கடி உண்மையில் எத்தனை வாரம் நீடிக்கிறது என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். அக்டோபர் இறுதியில் ஆர்டர் தணிந்துவிட்டால், பழகி முடித்த கையை வேலையில்லாமல் உட்கார வைத்திருப்பீர்கள்.

கேள்வி: ஓவர்டைம் கூலிக்குப் பி.எஃப் கிடையாது, போனஸ் கணக்கிலும் அது வராது. அப்படியிருக்க ஓவர்டைம்தானே என்றைக்கும் லாபம்?

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டும் சரி, 130 ரூபாயில் நான் அவற்றைச் சேர்க்காததும் அதனால்தான். தற்காலிக ஆளோ 30 நாள் வேலை செய்தாலே போனஸுக்குத் தகுதி பெற்றுவிடுகிறார் என்பதையும் உங்கள் பக்கத்துக்கு ஆதரவாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தச் சேமிப்பு, கூலி இரட்டிப்பாகும் சுமைக்கு ஈடாகாது.

அதைவிடப் பெரிய தடை மணி நேர வரம்பு. மேலே கேட்டவரின் தேவை முழுவதையும் ஓவர்டைமிலேயே முடிக்க வேண்டுமானால், தளர்ச்சியையும் கணக்கில் கொண்டு ஏறத்தாழ 4,470 மணி நேரம் ஆகும். அதாவது ஒருவருக்குப் பத்து வாரங்களில் 112 மணி நேரம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் காலாண்டுக்குப் பொதுவாக 50 மணி நேரமும், தனி விலக்கு பெற்றால் 75 மணி நேரமும்தான் அனுமதித்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு இரட்டிப்புக் கூலியை அப்படியே வைத்துக்கொண்டு, மணி நேர உச்சவரம்பை அரசின் விதிக்கு விட்டிருக்கிறது. தொழிலாளியின் சம்மதமும் வேண்டும் என்கிறது. வரம்பு உயர்ந்தாலும், வாரம் 59 மணி நேரம் வீதம் பத்து வாரங்கள் ஒரே ஆட்களை வேலை வாங்கினால், ஆறாவது வாரத்துக்கு மேல் விடுப்பு கூடுவதை வருகைப் பதிவேட்டிலேயே பார்க்கலாம். விடுப்பில் போனவரின் வேலையை ஈடுகட்ட மீண்டும் ஓவர்டைம் போட வேண்டிவரும்.

கேள்வி: நான் மேசை மேற்பார்வையாளர். போன பருவத்தில் எடுத்த புதியவர்கள் கட்டிய தினசரி காலண்டர்களில் ஒரு மாதம் விடுபட்டும், தலைகீழாகவும் வந்தன. ஜனவரி முதல் வாரத்தில் கடைக்காரர் மூட்டையோடு திருப்பி அனுப்பினார். இந்தச் செலவு உங்கள் கணக்கில் எங்கே இருக்கிறது?

பதில்: இதுவரை சொன்ன கணக்கில் இல்லை, இருக்க வேண்டியது இதுதான். ஒரு மணி நேரத்துக்கு 25 காலண்டர் அடுக்கப்படுகிறது என்றும், கெட்டுப்போன ஒன்றைத் திரும்பச் செய்து அனுப்ப 60 ரூபாய் ஆகிறது என்றும் கொள்வோம். பழையவர்களைவிடப் புதியவர்களிடம் நூற்றுக்கு ஒன்று கூடுதலாகப் பிழையானால், மணிக்கு 15 ரூபாய் ஏறுகிறது. 147 ரூபாய் 162 ரூபாயாகி, ஓவர்டைமின் 153 ரூபாயைத் தாண்டிவிடுகிறது. அந்தப் பிழை ஜனவரியில் தெரியவந்தால் 60 ரூபாயோடு நிற்காது. பழைய தேதி போன காலண்டரை வாங்குவதற்கு ஆளில்லை, அட்டையில் கடையின் பெயரும் அச்சாகியிருக்கிறது.

எனவே எத்தனை பேரை எடுப்பது என்பதைவிட அவர்களை எங்கே உட்கார வைப்பது என்பது முக்கியம். புதியவர்களை அடுக்கும் மேசையில் வைக்காதீர்கள். அட்டையில் பொருத்துவது, உறையிலிடுவது, பெட்டியில் அடைப்பது ஆகிய வேலைகளில் வரும் பிழை கண்ணுக்கு உடனே தெரியும், திருத்தவும் எளிது. அந்த இடங்களில் இருந்த பழைய கைகளை அடுக்கும் மேசைக்கு மாற்றுங்கள். பழகும் காலமும் அங்கே குறைவு என்பதால், நான் முன்பு சொன்ன 40 சதவீதத் தொடக்கமும் மேலேறும். கட்டிங் மெஷினில் புதியவரையும் வைக்கக்கூடாது, பத்தாவது மணி நேரத்தில் இருக்கும் பழையவரையும் வைக்கக்கூடாது. அங்கே கெடுவது தாள் மட்டுமல்ல.

பிழையைக் கண்டுபிடிக்க எடை போடுவதைப் பலர் நம்புகிறார்கள். ஒரு மாதக் கட்டு முழுவதும் விடுபட்டால் தராசு காட்டும். ஒற்றைத் தாள் விடுபட்டால், காற்றின் ஈரத்தால் தாளில் ஏறும் எடைக்குள் அது மறைந்துவிடும். இதைவிட நல்ல வழி புத்தக பைண்டிங்கில் நெடுங்காலமாக இருப்பதுதான். ஒவ்வொரு மாதக் கட்டின் விளிம்பிலும் சிறிய கறுப்புக் குறி ஒன்றை அச்சிட்டு, ஜனவரியில் மேலேயும் அடுத்தடுத்த மாதங்களில் சற்றுச் சற்றுக் கீழேயும் வரும்படி வையுங்கள். சரியாக அடுக்கினால் விளிம்பில் படிக்கட்டுப் போலச் சாய்கோடு தெரியும். ஒரு மாதம் விடுபட்டாலோ இடம் மாறினாலோ படி உடையும். பிளேட் தயாரிக்கும்போதே வைத்துவிட்டால் இதற்குத் தனிச் செலவு இல்லை. ஒரே மாதத்துக்குள் நடக்கும் பிழையை இது காட்டாது. அதற்கு மேசை எண் எழுதிய துண்டுச்சீட்டை ஒவ்வொரு கட்டிலும் வைத்து, மணிக்கு ஒருமுறை சிலவற்றைப் பிரித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியை நான் கண்டதில்லை. அந்தச் சோதனையை மாலை ஆறு மணிக்கு மேலும் விடாமல் செய்தால், ஓவர்டைம் நேரத்தில் பழையவர்களின் பிழை எவ்வளவு ஏறுகிறது என்பதும் தெரியவரும். அது ஏறவே ஏறாது என்று எண்ண வேண்டாம்.

கேள்வி: கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை வைத்திருக்கிறேன். எங்களுக்கும் பருவம்தான். ஸ்டெரிலைசரின் கொள்ளளவைக் கூட்டுவது நல்லதா என்பதற்கு உங்கள் கருத்து என்ன?

பதில்: இங்கே பேசுவது ஆட்களைப் பற்றி, ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு பதில் ஒளிந்திருக்கிறது. உங்கள் ஆலையில் வேகத்தைத் தீர்மானிப்பது இயந்திரம் என்றால், பகல் ஷிப்டில் கூடுதல் கை வைத்தாலும் கூழ் கூடாது. இயந்திரம் கூடுதல் நேரம் ஓட வேண்டும். இரண்டு மணி நேர ஓவர்டைம் அதற்குப் போதாது, முழு இரண்டாம் ஷிப்ட் வேண்டும், அதற்குத் தற்காலிக ஆட்கள்தான் வழி. அப்போது பழையவர்களைப் பகலிலும் புதியவர்களை இரவிலும் பிரித்துவிடாமல், பழம் பார்த்துத் தரம் பிரிக்கும் அனுபவசாலிகளை இரண்டு ஷிப்டிலும் பாதிப் பாதியாக வையுங்கள். பெங்களூரா மாம்பழம் காலண்டர் தாளைப்போல் மறுநாளுக்குக் காத்திருக்காது என்பதும் உங்கள் கணக்கில் வர வேண்டும்.

கேள்வி: ஓவர்டைமுக்கு வேன் செலவு இல்லை என்று முதல் பதிலில் விட்டுவிட்டீர்கள். எங்கள் பிரிவில் பெரும்பாலும் பெண்கள். ஏழு மணிக்கு மேல் இருக்கச் சொன்னால் வீட்டுக்குக் கொண்டுபோய் விட வேண்டாமா? நான் அங்கே வேலை செய்பவள் என்பதால் கேட்கிறேன்.

பதில்: நீங்கள் சொல்வது சரி, என் கணக்கில் அது குறைதான். இரவு ஏழு மணிக்கு மேல் பெண்களை வேலையில் வைத்துக்கொள்வதற்கு அவர்களது சம்மதமும் பாதுகாப்பு ஏற்பாடும் சட்டப்படியே தேவை. வேன் அதில் அடங்கும். அதே வாடகையைச் சேர்த்தால் ஓவர்டைம் 153 ரூபாயிலிருந்து 172 ரூபாய்க்குப் போகிறது. அப்போது தற்காலிக ஆட்கள் ஆறாவது வாரத்திலேயே ஓவர்டைமைவிடச் சற்று மலிவாகிவிடுகிறார்கள். பிழைச் செலவைச் சேர்த்தாலும் பத்து வாரங்களுக்கு அவர்கள்தான் முன்னால் நிற்கிறார்கள். நீங்கள் மறுத்தால் கட்டாயப்படுத்த முடியாது என்பதையும் திட்டமிடுபவர் மனத்தில் வைக்க வேண்டும்; 40 பேரும் இருப்பார்கள் என்று எழுதிய அட்டவணையில், ஒவ்வொரு மாலையும் 25 பேர்தான் இருப்பார்கள்.

கேள்வி: எங்களிடம் பீஸ் ரேட். ஓவர்டைமில் செய்ததற்கும் அதே பீஸ் ரேட் கொடுத்தால் போதும்தானே?

பதில்: போதாது. பழைய சட்டம் இதைத் தெளிவாகவே சொன்னது: முந்தைய மாதத்தில் முழுநேரம் உழைத்த நாள்களின் சராசரி வருவாயை எடுத்து, ஓவர்டைமை நீக்கி, அதை நேரக்கூலியாகக் கொண்டு இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டும். இரவு நேரத்தில் பீஸ் ரேட் பிழையைக் கூட்டுகிறதா என்பதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. கூட்டுகிறது என்பது என் அனுபவம். பிழையான காலண்டருக்குக் கூலியைப் பிடித்தால் அது அடங்கிவிடும் என்பது என் நண்பர் ஒருவரின் வாதம். பிடித்தம் தொடங்கினால் பிழையை மறைத்துக் கட்டின் நடுவில் செருகுவார்கள் என்பதால் நான் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை.

கேள்வி: போன ஆண்டு வந்தவர்களையே திரும்ப அழைத்தால் எவ்வளவு வித்தியாசம் வரும்?

பதில்: நிறைய. அவர்கள் முதல் வாரத்தில் 80 சதவீதமும் பிறகு 90 சதவீதமும் செய்தால், சொல்லிக்கொடுக்கும் செலவும் இல்லையென்றால், நான்கு வாரங்களுக்கே மணிக்கு 125 ரூபாய்தான் ஆகும். புதியவர்களுக்கு அதே நான்கு வாரங்கள் 208 ரூபாய் என்று மேலே பார்த்தோம். பருவம் முடிந்ததும் போனஸை இழுத்தடிக்காமல் தேதி தவறாமல் கொடுத்துவிட்டு, அவர்களது பெயரையும் எந்த மேசையில் இருந்தார்கள் என்பதையும் எழுதி வையுங்கள். ஆடி பிறந்ததும் முதல் அழைப்பு அவர்களுக்குப் போகட்டும். ஆவணியில் அழைத்தால் பக்கத்துப் பட்டறைக்குப் போயிருப்பார்கள்.