நன்கொடை வீடியோவில் யாரைப் பேச வைப்பது?

"எங்கள் அறக்கட்டளைப் பள்ளிக்கு நிதி திரட்ட இரண்டு நிமிட வீடியோ எடுக்கிறோம். ஒரு பிள்ளை தன் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லி அழுதால்தான் பணம் வரும் என்கிறார் வீடியோ எடுப்பவர். எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. வேறு எப்படி எழுதலாம்?"

அவர் சொல்வதில் பாதி சரி. புள்ளிவிவரத்தைவிட ஒற்றை ஆளின் கதைக்கு மக்கள் அதிகம் கொடுக்கிறார்கள் என்று 2007-இல் ஸ்மால், லோவன்ஸ்டைன், ஸ்லோவிக் ஆகியோர் வெளியிட்ட ஆய்வும் காட்டியது. ஆனால் உங்கள் வீடியோவில் அந்த ஒற்றை ஆள் பெரியவராக இருக்கலாம். பிள்ளையின் வறுமைக்குப் பதில் பள்ளியில் என்ன குறைகிறது என்பதைக் கதையாக்குங்கள்.

உதாரணத்துக்கு, டீசலுக்குக் காசில்லாமல் பள்ளி வேன் அடிக்கடி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் காட்சியில் டிரைவர் விடியற்காலையில் வேன் கண்ணாடியைத் துடைக்கிறார். அவர் குரல்: "மூணு ஊரு, இருபத்துநாலு பிள்ளைங்க. பஸ் காலைல ஒண்ணுதான். அத விட்டா அன்னிக்குப் பள்ளிக்கூடம் போச்சு." அடுத்து ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறக்கிறார். பெயர்களைத் தாளால் மறைத்து, வேன் நின்ற வாரத்தின் வரிசையை மட்டும் காட்டுங்கள். அந்த வெற்றுக் கட்டங்களே போதும், சோக வயலின் வேண்டாம். பிறகு பிள்ளைகள் வரட்டும், பின்னம் போட்டுக்கொண்டோ கபடி ஆடிக்கொண்டோ. கடைசியில் ஆசிரியரே கேட்கட்டும்: "டீசலும் டிரைவர் சம்பளமும் சேர்த்து மாதம் 18,000 ரூபாய். ஒரு பிள்ளைக்கு 750 ஆகிறது."

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பணம் பள்ளியின் பொதுக் கணக்குக்குத்தான் போகிறது என்றால், "உங்கள் 750 ரூபாய் ஒரு பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவரும்" என்று சொல்லாதீர்கள். "வேன் உட்பட பள்ளியின் செலவுகளுக்கு" என்று சொன்னால் கொஞ்சம் சப்பென்று இருக்கும்தான். இருந்துவிட்டுப் போகட்டும், அடுத்த வருடம் கணக்குக் கேட்பவருக்குப் பதில் இருக்கும்.

சம்மதம் வாங்குவதில் ஒரு சிக்கல். இலவசமாகப் படிக்க வைக்கும் பள்ளியின் தலைமை ஆசிரியர் கேட்டால் எந்தப் பெற்றோர் முடியாது என்பார்? அதனால் சேர்க்கையில் அதிகாரம் இல்லாத ஒருவர் கேட்கட்டும். மறுத்தாலும் சலுகை எதுவும் போகாது என்று எழுதிக் கொடுங்கள். பிள்ளையிடமும் தனியாகக் கேளுங்கள். எடிட் செய்த வீடியோவைப் போட்டுக் காட்டி இரண்டாவது முறையும் சம்மதம் வாங்குங்கள், படப்பிடிப்பன்று எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. முகம், பெயர், ஊர் மூன்றும் சேர்ந்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சீருடை பேட்ஜும் ஊரைக் காட்டிக்கொடுக்கும்.

குழந்தைகள் இல்லத்திலிருந்து வரும் பிள்ளைகள் இருந்தால் அவர்களை அடையாளம் தெரியும்படி படமெடுக்கவே வேண்டாம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி குற்றம்.