தங்கம் நிற்குது, பண்ட் இறங்குது

“டொலரில் தங்கம் இரண்டு மாதமா அசையேல்லை. என்ர பண்ட் மட்டும் ஏன் இறங்குது?”

அண்ணை, நானும் திருமலைதான். இது களவு இல்லை. உங்கள் பண்ட் தங்கத்தை வாங்கி வைக்காமல், பின்னொரு நாளில் தங்கம் வாங்கும் ஒப்பந்தங்களை வைத்திருந்தால், முடியப்போகும் ஒப்பந்தத்தை விற்று அடுத்ததை வாங்குவார்கள்; அந்த ரோல் செய்வதன் விளைவு இது. அவுன்ஸ் இன்று 2000 டொலர், இரண்டு மாத ஒப்பந்தம் 2015 என்று வைப்போம். விலை அசையாவிட்டால் அந்த 2015 முடிவு நாளில் 2000க்கு இறங்கிவிடும். 100 அவுன்ஸ் ஒப்பந்தத்தில் 1500 டொலர் போச்சு. அதை விற்றுவிட்டு அடுத்ததையும் 2015க்கு வாங்குவார்கள். மறுபடி அதே கதை.

அந்த 15 டொலர் பெரும்பாலும் வட்டிதான், அடகு வைத்த சங்கிலிக்கு ஏறுகிற மாதிரி. ஒப்பந்தத்துக்குக் கட்டும் முற்பணமோ கொஞ்சம். அதனால் 100 அவுன்ஸின் விலையான 2 லட்சம் டொலரும் திறைசேரி உண்டியலில் ஆண்டுக்கு 4.5% வட்டிக்குக் கிடந்தால், இரண்டு மாதத்தில் அதே 1500 திரும்பி வரும். அந்த வட்டி உங்கள் கணக்கில் சேருகிறதா, கட்டணத்திலேயே கரைகிறதா என்று பண்ட் அறிக்கையில் பாருங்கோ.