மாவில் போட்ட அரிசியும் உளுந்தும்: ஒரு இட்லியில் எவ்வளவு?

4 பங்கு இட்லி அரிசிக்கு 1 பங்கு உளுந்து போட்டு அரைக்கிறேன். ஒரு இட்லிக்கு எத்தனை கிராம் மாவுச்சத்து, எத்தனை கிராம் புரதம் என்று எழுதிக்கொள்வது?

ஊறவைக்கும் முன் இரண்டையும் தராசில் வையுங்கள். உங்கள் கணக்கு 800 கிராம் அரிசி, 200 கிராம் உளுந்து என்று வைத்துக்கொள்வோம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் புழுங்கலரிசியில் மாவுச்சத்து சுமார் 77, புரதம் 8-க்குச் சற்றுக் குறைவு. தோல் நீக்கிய உளுந்தில் மாவுச்சத்து 51, புரதம் 23. ஆக உங்கள் மாவு முழுவதிலும் மாவுச்சத்து 718 கிராம், புரதம் 108 கிராம், கொழுப்பு 8 கிராம், கலோரி சுமார் 3460.

அடுத்து, பாத்திரத்தின் வெறும் எடையைக் குறித்துவைத்து, அரைத்த மாவோடு எடை போடுங்கள். கிரைண்டர் கழுவிய தண்ணீரும் மாவில்தானே சேர்கிறது, அதுவும் இதில் வந்துவிடும். மொத்தம் 2500 கிராம் வந்தால், குழியில் ஊற்றும் 45 கிராம் மாவுக்கு மாவுச்சத்து 13, புரதம் கிட்டத்தட்ட 2, கலோரி 62. வெந்த இட்லியை எடை போட வேண்டாம். மாவைத்தான் எடை போட வேண்டும்.

அப்போ 3:1 ஆக்கினால் மாவுச்சத்து நன்றாகக் குறையுமே?

குறையாது. அதே ஒரு கிலோவை 750-க்கு 250 என்று பிரித்தால் மாவுச்சத்து 718-லிருந்து 705 ஆகிறது, புரதம் 108-லிருந்து 116. இட்லிக்கு கால் கிராம் மாவுச்சத்துகூட வித்தியாசமில்லை. உளுந்து கூடினால் தண்ணீரும் கூட இழுக்கும் என்பதால் அதே எடை மாவில் இரண்டுமே இன்னும் கொஞ்சம் குறைவாக இருக்கும். கரண்டியில் 10 கிராம் கூடப் போய்விட்டால் ஏறுகிற மாவுச்சத்து சுமார் 3 கிராம். விகிதத்தைவிட கரண்டிதான் கணக்கைக் கெடுக்கும்.

புளிக்கும்போது நுண்ணுயிர்கள் மாவுச்சத்தைச் சாப்பிட்டுவிடுகின்றன. அதனால் நான் கால் பங்கு கழித்துவிடுகிறேன்.

சாப்பிடுவது உண்மை. ஆனால் கால் பங்கெல்லாம் போகாது. அவை தின்பது பெரும்பாலும் எளிதில் கிடைக்கும் சர்க்கரையை. ஸ்டார்ச் அப்படியேதான் நிற்கும். எதையும் கழிக்காதீர்கள்.

புளித்தல் வேறு இடத்தில் குழப்பும். பொங்கிய மாவு காற்றால் நிறைந்திருக்கும், அதே கரண்டியில் எடை குறைவாக வரும். மறுநாள் கலக்கி அடங்கிய பிறகு அதே கரண்டி கனக்கும். தட்டைத் தராசில் வைத்து, ஒரு குழிக்கு ஊற்றிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

தோசைக்கு? நான் தோசையை எடை போட்டு, இட்லி மாவுக் கணக்கால் பெருக்குகிறேன். குறைவாக வருகிறதே என்று சந்தோஷமாக இருந்தேன்.

தோசைக்கல்லில் ஆவியாகப் போனது தண்ணீர்தான். 80 கிராம் மாவு ஊற்றினால் தோசை எவ்வளவு லேசாக வந்தாலும் மாவுச்சத்து 23, புரதம் மூன்றரை, கலோரி 110. தோசைக்காகத் தண்ணீர் விட்டுக் கரைத்தால் கரைத்த பிறகு மொத்த எடையைத் திரும்பப் பாருங்கள். எண்ணெய் தனி: ஒரு தேக்கரண்டி 40 கலோரி. எண்ணெய்க் கிண்ணத்தைச் சுடுவதற்கு முன்னும் பின்னும் எடை போட்டு, தோசைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும்.

என் மாமியாருக்குச் சர்க்கரை. உளுந்து கூட்டினால் இட்லி சாப்பிடலாமா?

அம்மா, இந்தக் கணக்கு எத்தனை கிராம் என்று மட்டும்தான் சொல்லும். சாப்பிட்டபின் சர்க்கரை எவ்வளவு ஏறும் என்று சொல்லாது. அவருக்கு நான்கு இட்லி என்றால் மாவுச்சத்து 52 கிராம். அந்த எண்ணை மருத்துவரிடம் சொல்லிக் கேளுங்கள். உளுந்தை மிக அதிகமாக்கினால் இட்லி தட்டையாகிவிடும், அப்புறம் அவரே சாப்பிட மாட்டார்.

கடை மாவு வாங்குகிறோம். விகிதமே தெரியாது.

50 கிராம் மாவை எண்ணெய் இல்லாத கல்லில் மெல்லிதாகப் பரப்பி, மிகச் சிறு தீயில் கருகாமல், எடை இனி இறங்காது என்கிற வரை காயவிடுங்கள். 18 கிராம் மிஞ்சினால், காய்ந்த தானியத்திலும் பத்தில் ஒரு பங்கு ஈரம் இருப்பதால், 20 கிராம் தானியம் என்று கொள்ளலாம். அதில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக மாவுச்சத்து. விகிதம் தெரியாததால் வரும் பிழை சிறிதுதான்.

மாவுச்சத்து சரி, புரதம்? கடைக்காரர் உளுந்தைக் குறைத்திருந்தால்?

அதை இந்த வழியில் பிடிக்க முடியாது. 4:1 என்று போட்டுக்கொள்ளுங்கள், உண்மையில் 6:1 என்றால் புரதம் கொஞ்சம் கூடுதலாக எழுதியிருப்பீர்கள், அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று விட எனக்கு மனசில்லை. வீட்டிலேயே அரைத்துக்கொள்கிறேன்.